மூழ்கும் ஈடு: பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ், ஃபண்டிங், லிக்விடேஷன்

கிரிப்டோ செய்திகளில் ‘பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ்’ என்பதை ‘நிரந்தர எதிர்காலங்கள்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அகராதியில் இரண்டு சொற்களையும் பார்த்து ஒட்டவைத்தால் அதுதான் வரும். படிப்பவருக்கோ அதிலிருந்து ஒரு பொருளும் கிடைக்காது. இத்தனைக்கும் இந்த வணிகத்துக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை நம் சந்தையிலும் அடகுக் கடையிலும் ஏற்கெனவே புழங்கியவை.

ஃபியூச்சர்ஸுக்கு நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள் வைத்திருக்கும் பெயர் ‘முன்பேரம்’. பொருள் கைமாறும் முன்பே விலை பேசி முடித்துக்கொள்வது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. வழக்கமான முன்பேரத்தில் கணக்குத் தீர்க்கும் நாள் ஒன்று உண்டு. இடையில் முன்பேர விலை சந்தை விலையைவிட ஏறியோ இறங்கியோ நிற்கலாம். அந்த நாள் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். விலையைக் கட்டி வைத்திருக்கும் கயிறு அந்த நாள்தான்.

அந்த நாளையே எடுத்துவிட்ட ஒப்பந்தம்தான் பெர்பெச்சுவல். இடையறாது தொடர்வது என்ற பொருளுள்ள ‘பெர்பெத்துவுஸ்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் 1993இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயரோடு இந்த யோசனையை முன்வைத்தார். அவர் மனத்தில் இருந்தவை வீட்டு விலை போன்ற, அன்றாடம் கைமாறாத சொத்துகள். 2016 மே மாதம் பிட்மெக்ஸ் சந்தை, XBTUSD என்ற பெயரில் பிட்காயினுக்கு இத்தகைய ஒப்பந்தத்தைத் தொடங்கிய பிறகுதான் அது கிரிப்டோ உலகின் முதன்மை வணிகமாக வளர்ந்தது.

‘நிரந்தர’ என்ற அடைமொழி இங்கே தவறான நம்பிக்கையைத் தருகிறது. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் இல்லை. அதை வைத்திருப்பவரோ சில நிமிடங்களில் வெளியேற்றப்படலாம். ‘கெடுவற்ற முன்பேரம்’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கேடற்றது என்று யாராவது படித்துவிட்டால் அதைவிடப் பெரிய பிழை இல்லை என்பதால் விட்டுவிட்டேன். ‘தவணையில்லா’ என்றால் மாதத் தவணை நினைவுக்கு வருகிறது. காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். அதைப் போலவே ‘காலவரையற்ற முன்பேரம்’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கயிற்றை அவிழ்த்த பிறகு விலையை எது கட்டுகிறது? அதற்காக வைக்கப்பட்டதுதான் ஃபண்டிங். முன்பேர விலை சந்தை விலைக்கு மேலே நின்றால், ஏறும் என்று வாங்கி வைத்திருப்பவர்கள், இறங்கும் என்று விற்று வைத்திருப்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். கீழே நின்றால் விற்றவர்கள் வாங்கியவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கூட்டம் சேர்ந்த பக்கத்தில் நிற்பதற்குச் செலவாகும், எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு வரும்படி கிடைக்கும். அதனால் சிலர் பக்கம் மாறுவார்கள், விலைகள் நெருங்கிவரும். பல சந்தைகளில் இது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

இதை ‘நிதியளிப்பு விகிதம்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. இங்கே யாரும் யாருக்கும் நிதி அளிப்பதில்லை. ஆனால் ஆங்கிலப் பெயரில் இருக்கும் கடன்வட்டி வாடைக்குக் காரணம் உண்டு. பிட்மெக்ஸ் வகுத்த கணக்கில் டாலருக்கு நாளொன்றுக்கு 0.06 சதவீதம், பிட்காயினுக்கு 0.03 சதவீதம் என்று வட்டி வைத்து, வேறுபாட்டை மூன்றாகப் பங்கிட்டார்கள். அதனால்தான் இரண்டு விலைகளும் ஒட்டி நிற்கும் சாதாரண நாளிலும் வாங்கியவர் எட்டு மணி நேரத்துக்கு 0.01 சதவீதம் கொடுக்கிறார். ஆண்டுக்கு அது ஏறத்தாழ 11 சதவீதம். தன் பணத்தைப் போல ஐந்து மடங்கு அளவுக்கு வாங்கியவருக்கு, அவர் கையிலிருந்து போட்ட பணத்தோடு ஒப்பிட்டால், 55 சதவீதம்!

நம் பங்குச் சந்தையில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. பம்பாய்ச் சந்தையின் ‘பத்லா’ முறையில், வாங்கிய பங்குக்கு முழுப்பணம் கட்டாமல் அடுத்த கணக்குக் காலத்துக்குத் தள்ளிப்போடலாம்; அதற்கு ஒரு கட்டணம் உண்டு. வழக்கமாக வாங்கியவர் கொடுப்பார். விற்ற பங்குக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டால் திசை மாறி விற்றவர் கொடுப்பார், அதற்கு ‘உந்தா பத்லா’ என்று பெயர். 2001 ஜூலையில் செபி அந்த முறையை நிறுத்தியது. பத்லா என்றால் மாற்றாகக் கொடுப்பது. தமிழில் நாம் அன்றாடம் சொல்லும் ‘பதில்’ என்பதும் அதே அரபி வேரிலிருந்து வந்து சேர்ந்ததுதான். எனினும் ஃபண்டிங்கின் வேலை இரு விலைகளையும் சமன்படுத்துவது. ஆகவே ‘சமன்தொகை’ என்பதையே நான் எழுதுகிறேன்.

மூன்றாவது சொல்தான் எனக்கு மிக முக்கியமானது. லிக்விடேஷன் என்பதன் வேர் ‘லிக்விதுஸ்’. ஓடுவது, தெளிந்தது என்று பொருள். கலங்கிக் கிடக்கும் கணக்கைத் தெளியவைப்பது என்ற பொருளில் அது வணிகத்துக்கு வந்தது. நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது ‘கலைப்பு’ என்கிறோம். இங்கே கலைவது நிறுவனம் இல்லை, நட்டம் வந்தால் தாங்குவதற்காக ஒருவர் சந்தையிடம் வைத்த ஈடு. ஈடு கைவிட்டுப் போவதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: வட்டி கட்டாமல் நகை ஏலத்துக்குப் போய்விட்டால் ‘அடகு மூழ்கிப்போயிற்று’ என்போம். ஆங்கிலச் சொல்லில் ஓடும் தண்ணீர் நம் சொல்லிலும் இருப்பது தற்செயல்தான்; ஆனால் பொருள் அச்சாகப் பொருந்துகிறது. லிக்விடேஷன் என்பது ‘மூழ்கல்’. எந்த விலையில் அது நடக்குமோ அது ‘மூழ்குவிலை’.

அடகுக் கடைக்கும் இதற்கும் வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. அங்கே கெடு உண்டு, அறிவிப்பு உண்டு, ஏல நாள் உண்டு. இங்கே மூழ்குவிலையை விலை தொட்ட நொடியில் சந்தையின் கணினியே கணக்கைக் கைப்பற்றி முடித்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிட்காயின் 8,000 டாலராக இருக்கும்போது ஒருவர் ஒரு பிட்காயினை ஈடாக வைத்து, 40,000 டாலர் அளவுக்கு XBTUSD வாங்குகிறார். அதாவது ஐந்து மடங்கு. விலை ஐந்தில் ஒரு பங்கு, 6,400 வரை இறங்கினால்தான் ஈடு கரையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் லாபநட்டம் பிட்காயினிலேயே எழுதப்படுகிறது, ஈடும் பிட்காயின்தான். விலை இறங்கும்போது நட்டம் ஏறுகிறது, அதே நேரத்தில் அதைத் தாங்க வேண்டிய ஈட்டின் டாலர் மதிப்பும் தேய்கிறது. 40,000 டாலர் என்பது 8,000 விலையில் ஐந்து பிட்காயின். ஆறு பிட்காயினாகும் விலை 6,667. அங்கே நட்டம் சரியாக ஒரு பிட்காயின், ஈடு முழுவதும் போய்விட்டது. சந்தை அதற்குச் சற்று முன்பாகவே கணக்கை முடிக்கும். நூறு மடங்கு வாங்கியவருக்கு ஒரு சதவீத இறக்கமே போதும்.

இவரைப் போல ஆயிரம் பேர் இருந்தால் 4 கோடி டாலர் ஒப்பந்தம் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வருகிறது. விற்பது கணினி, நல்ல விலைக்குக் காத்திருக்காது. அந்த விலையருகே வாங்கக் காத்திருந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்குத்தான் கேட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி இன்னும் கீழே போய் விற்கும். 7,900இல் ஐந்து மடங்கு வாங்கியவர்களின் மூழ்குவிலை 6,583. விலை அங்கே போனதும் அடுத்த கூட்டம் மூழ்குகிறது. இதற்குள் சந்தை விலையைவிட முன்பேர விலை தாழ்ந்துவிடுவதால், இங்கே வாங்கி நேரடிச் சந்தையில் விற்று லாபம் பார்ப்பவர்கள் வருவார்கள். அவர்கள் விற்பதால் நேரடிச் சந்தையும் இறங்கும். மூழ்குவிலையைத் தொட்டோமா என்று கணினி பார்ப்பது நேரடிச் சந்தைகளை ஒட்டிய குறியீட்டு விலையைத்தான். எனவே சுற்று மறுபடி தொடங்குகிறது. இதை ‘தொடர் மூழ்கல்’ எனலாம்.

2020 மார்ச் 12 அன்று நடந்தது இதுதான். முந்தைய நாள்தான் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்திருந்தது. எல்லாச் சந்தைகளும் சரிந்துகொண்டிருந்தன. பிட்காயின் 7,900 டாலர் அருகே நாளைத் தொடங்கி, மறுநாள் அதிகாலை 4,000க்கும் கீழே போனது. அச்சம் முதல் தள்ளு தள்ளியது. அதற்கப்பால் இறக்கியதில் பெரும்பங்கு மூழ்கிய ஈடுகளுக்கு உண்டு. விலை வேறுபாட்டைச் சமன்செய்யக்கூடியவர்களாலும் உதவ முடியவில்லை. பிட்காயின் வலையமைப்பில் நெரிசல். பிட்மெக்ஸில் பணம் எடுப்பதோ அப்போது நாளுக்கு ஒருமுறைதான். வாங்க விருப்பமிருந்தும் ஈட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடியாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். உலக நேரம் 2:16க்குப் பிட்மெக்ஸ் முடங்கியது. இணையத் தாக்குதல் என்று நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது. அது நின்றிருந்த இடைவெளியில் விலை மீளத் தொடங்கியது. விற்கும் கணினி நின்றதால்தான் சரிவு நின்றது என்று அன்று பலர் வாதிட்டார்கள். எனக்கும் அந்த வாதம் வலுவாகவே படுகிறது.

இங்கே சமன்தொகை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. அது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இழுக்கும் கயிறு. தொடர் மூழ்கல் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நாள்கணக்கில் அது உயர்ந்தே இருந்தால், ஏறும் பக்கத்தில் கூட்டம் நெரிகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். எப்போது சரியும் என்று அது சொல்லாது.

ஒரு சரிவு கட்டாய விற்பனையால் வந்ததா என்பதை அறிய, முடிக்கப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். விலையோடு அதுவும் சட்டென்று சரிந்து, முன்பேர விலை சந்தை விலைக்குக் கீழே தொங்கினால், ஈடுகள் மூழ்கியிருக்கின்றன. விலை இறங்கும்போது அந்த மொத்தம் ஏறினால், புதிதாக விற்பவர்கள் வந்திருக்கிறார்கள். அது வேறு கதை.

‘கட்டாய விற்பனை’ என்றே எழுதிவிடலாமே, மூழ்கல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். இறங்கும் என்று விற்று வைத்தவரும் ஈடு வைத்திருக்கிறார். விலை ஏறினால் அவர் கணக்கைக் கணினி வாங்கி முடிக்க வேண்டும்; அந்தக் கட்டாய வாங்கல் விலையை மேலும் ஏற்றி அடுத்தவரின் ஈட்டைத் தொடும். சங்கிலி மேல்நோக்கியும் ஓடும் என்பதால் விற்பனை என்ற சொல் பாதியைத்தான் சொல்கிறது. விலை எந்தப் பக்கம் போனாலும் மூழ்குவது ஈடுதான்.