பால் ஒரே சீராக இறங்கும்போது சர்க்கரை மட்டும் சாயங்காலம் ஏறுவது ஏன்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம். விழுங்க முடியாததால் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறது. பழைய இழைப்பு நோயும் கிளம்பிவிட்டதால் தினமும் காலை 8 மணிக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மி.கி. கொடுக்கிறார்கள். "சுகர்காரங்களுக்கான பால்தான் குடுக்காங்க. பம்பு ராவும் பகலும் ஒரே அளவுலதான் ஓடுது. அப்புறம் எப்படி பொழுது சாயும்போது 300-ஐத் தாண்டுது, விடியக்காலம் 80-க்கு வந்துருது?"

நல்ல கேள்வி. முதலில் பாலின் கணக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கான குழாய் உணவில் மாவுச்சத்து குறைவு, கொழுப்பும் நார்ச்சத்தும் கூடுதல். 100 மில்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்வோம் (டப்பாவில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளலாம்). மணிக்கு 60 மில்லி ஓடினால் மணிக்கு 6 கிராம், 6 மணி நேரத்துக்கு 36 கிராம். 10 முதல் 15 கிராமுக்கு ஒரு யூனிட் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. அதன்படி 6 மணிக்கொரு தடவை ரெகுலர் இன்சுலின் 3 யூனிட் போதும். ரெகுலர் 6 முதல் 8 மணி நேரம் வேலை செய்யும். ஓட்டு வீட்டில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதுபோல, ஒரு ஊசி தேயும்போது அடுத்தது மேலே வந்துவிடும். உடம்புக்கு எப்போதும் தேவைப்படும் அடிப்படை இன்சுலின் இதில் சேராது, அது தனி.

பால் சமதளம், இன்சுலினும் ஏறக்குறைய சமதளம். மேடு வருவது ஸ்டீராய்டால்.

பிரெட்னிசோலோன் தானாகச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. செல்லின் உட்கருவுக்குள் போய், சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதன் பிறகு கல்லீரல் புதுசாகச் சர்க்கரை தயாரிக்கும் நொதிகளைக் கட்ட வேண்டும். இதற்கு மணிக்கணக்காகும். அதனால்தான் காலை 8 மணி மாத்திரையின் உச்சம் நண்பகலுக்கு மேல் தொடங்கி சாயங்காலம் வரை நீள்கிறது. ராத்திரி மருந்து தீர்ந்து, நொதிகளும் சிதைந்து, விடியும்போது மேடு கரைந்துவிடுகிறது.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. 1936-இல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன் என்பவர், மீனின் விந்துத் திரவத்தில் கிடைக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு கலந்தார். புரோட்டமினுக்கு நேர்மின்னேற்றம், இன்சுலினுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கரையாமல் நிற்கும். 1946-இல் அதையே சிறு படிகங்களாக்கியதுதான் என்பிஎச். பாட்டிலை நிமிர்த்திப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டினால்தான் பால்போலக் கலங்கும். உருட்டாமல் உறிஞ்சினால் அளவே தப்பிவிடும். தோலுக்கடியில் அந்தப் படிகங்கள் மெல்ல மெல்லக் கரைய, 4 முதல் 8 மணி நேரத்தில் உச்சம் வருகிறது, இரவுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஸ்டீராய்டின் மேட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல!

அதனால் மாத்திரையோடு சேர்த்தே காலையில் என்பிஎச் போடுவது ஒரு நல்ல வழி. பிரெட்னிசோலோன் ஒவ்வொரு 10 மி.கி.க்கும், கிலோ எடைக்கு 0.1 யூனிட் என்பது பரவலான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 40 மி.கி. என்றால் 24 யூனிட். வயதானவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் குறைத்துத் தொடங்குவார்கள், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை 30 மி.கி.க்கு இறங்கினால் அன்றைக்கே என்பிஎச்சும் 18-க்கு இறங்க வேண்டும். மறந்தால் தாழ்சர்க்கரை. மாத்திரைக்குப் பதில் டெக்ஸாமெத்தசோன் என்றால் கதையே வேறு. அதன் வேலை ஒரு நாளைத் தாண்டி நீள்வதால் மேடு இருக்காது, நாள் முழுக்க உயரமாகவே நிற்கும்.

வழக்கமாக நடக்கும் தப்பு இது: ராத்திரி 8 மணிக்கு 320 இருப்பதைப் பார்த்து, நள்ளிரவு ஊசியைக் கூட்டுவது. மேடு தானே இறங்கும் நேரத்தில் அந்த ஊசி உச்சத்துக்கு வரும், 4 மணிக்கு 55 காட்டும். பேசமுடியாத நோயாளிக்கு வியர்வையும் மயக்கமும்தான் அடையாளம். அதனால் 320-ஐச் சரிசெய்ய மறுநாள் காலை ஊசியைத்தான் கூட்ட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது குழாய் அடைத்துக்கொள்வது. போட்ட இன்சுலின் உடம்புக்குள் இருக்கிறது, பால் வரவில்லை. உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பை அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். மணிக்கு 60 மில்லியில் 6 கிராம், பாலில் இருந்த அளவேதான். இன்சுலினுக்கு வித்தியாசமே தெரியாது. மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டு, குழாயைச் சரிசெய்யலாம்.

ஒரு ஆதங்கம். நம் பக்கம் பல வீடுகளில் டப்பா பால் கட்டுப்படியாகாமல் கேழ்வரகுக் கஞ்சியைக் குழாயில் விடுகிறார்கள். அந்தக் கஞ்சி எவ்வளவு வேகத்தில் சர்க்கரையாகிறது, அதற்கு எந்த இன்சுலின் எப்போது பொருந்தும் என்று அளந்து சொல்லும் ஆராய்ச்சிக்கு யாராவது பணம் ஒதுக்க வேண்டும். குவளைக்கு எத்தனை கிராம் என்று தெரியாமல் இந்தக் கணக்கு எதையும் அந்த வீடுகளில் போட முடியாது.