மூன்று மருந்துகள், ஒரே இதயத்துடிப்பு

சளி பிடித்த நாளில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணில் படுவது ஆக்ஸிஜன் அளவல்ல, அதன் அருகே 104, 112 என்று துள்ளும் நாடியின் எண்தான். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டிய எண் ஏன் ஏறியது என்று தேடும்போது, மாத்திரை டப்பாவையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. மூக்கடைப்புக்கான மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், தைராய்டு மாத்திரை ஆகிய மூன்றுமே நாடியை ஏற்றக்கூடியவை. ஆனால் ஒவ்வொன்றும் இதயத்தை அணுகும் வழி வேறு, வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு. எந்த மருந்து காரணம் என்பதைக் கண்டுபிடிக்க இந்த நேர வேறுபாடே பெரிதும் உதவுகிறது.

இதயத்தின் வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே சைனஸ் கணு என்ற சிறு திசுப்பகுதி இருக்கிறது. அதிலுள்ள செல்களின் மின்னழுத்தம் தானாகவே மெல்ல உயர்ந்து, ஓர் எல்லையைத் தொட்டதும் ஒரு துடிப்பு பிறக்கிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து உயரத் தொடங்குகிறது. எந்த நரம்பும் தொடாமல் விட்டால் இந்தக் கணு இளம் வயதில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். வேகஸ் நரம்பு இடைவிடாமல் பிடித்து இழுப்பதால்தான் ஓய்வில் அது எழுபதுக்கு இறங்குகிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் செய்வது இதற்கு நேரெதிரான வேலை: செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் அமர்ந்து, மின்னழுத்தம் உயரும் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன.

மூக்கடைப்பு மாத்திரை இந்த ஏற்பிகளைப் பெரும்பாலும் நேரடியாகத் தொடுவதில்லை. சூடோஎபெட்ரின் என்ற மருந்து, நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. அது மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. இதயத்திற்குச் செல்லும் நரம்புகளிலிருந்தும் வெளியேறுவதால் நாடி சற்று ஏறுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் வெளியான கணக்கின்படி, சராசரி ஏற்றம் நிமிடத்திற்கு மூன்று துடிப்புகள்கூட இல்லை. சராசரி என்பதால் சிலருக்கு இதைவிட அதிகமாகவும் இருக்கும். ஆனாலும் இந்த மாத்திரை ஒன்றாலேயே நாடி 120ஐத் தொட்டது என்று யாராவது சொன்னால் நான் வேறு காரணத்தையும் தேடுவேன். சளியோடு வரும் காய்ச்சலே வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழ பத்துத் துடிப்புகளைக் கூட்டிவிடும்.

நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் இருப்பது சூடோஎபெட்ரின் அல்ல, ஃபீனைல்எஃப்ரின். இது ரத்தக் குழாய்களிலுள்ள ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டுவது. ஊசியாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும். அதை உணர்ந்த உடல் வேகஸ் நரம்பின் வழியே இதயத்தை மெதுவாக்கும், அதாவது நாடி குறையும். மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி குடல்சுவரிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது. விழுங்கும் ஃபீனைல்எஃப்ரின் மூக்கடைப்பைக் குறைப்பதாகச் சான்றில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகவே சொல்லிவிட்டது. ஆகவே பட்டையின் பின்புறத்தைப் படிக்காமல், சளி மாத்திரை என்ற பெயரை மட்டும் வைத்துப் படபடப்புக்குக் காரணம் சொல்லக் கூடாது. சில கலவைகளில் காஃபினும் சேர்ந்திருக்கும்.

சால்புட்டமால் இன்ஹேலரின் வழி நேரடியானது. மூச்சுக்குழாய் தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பியில் அமர்ந்து அதைத் தளர்த்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மருந்து இது. இதயத்தில் பெரும்பான்மை பீட்டா-1 வகை என்றாலும், பீட்டா-2 ஏற்பிகளும் ஓரளவு இருக்கின்றன. தவிர, கை கால் தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிவதை ஈடுகட்டவும் இதயம் வேகமெடுக்கிறது. கை நடுங்குவதும் அதே மருந்து தசைகளைத் தூண்டுவதால்தான். இந்தப் படபடப்பு சில நிமிடங்களில் தொடங்கி, சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

இன்ஹேலர் வீரியமானது, மாத்திரைதான் மென்மையானது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். இரண்டு முறைக்கு 200. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது அதைப் போல் இருபது மடங்கு, அதுவும் ரத்தத்தின் வழியாகச் சுற்றித்தான் நுரையீரலை அடைய வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலே நாடியை 110க்கு மேல் ஏற்றிவிடும். அப்போது எண்ணைக் கண்டு பயந்து இன்ஹேலரைத் தள்ளி வைப்பது ஆபத்து. மூச்சு எளிதானால் நாடி தானே இறங்குவதும் உண்டு.

தைராய்டு மாத்திரையான தைராக்சின் அவசரப்படுவதே இல்லை. அது உடலில் டி3 ஹார்மோனாக மாறி, இதயச் செல்லின் உட்கருவுக்குள் சென்று, எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்பதையே மாற்றுகிறது. துடிப்பை ஏற்படுத்தும் அயனிவழிகளும் பீட்டா ஏற்பிகளும் எண்ணிக்கையில் கூடுகின்றன. தைராக்சினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அளவை மாற்றினால் முழு விளைவும் தெரிய ஆறு வாரங்கள் வரை காத்திருக்க வேண்டும். அளவு மிகும்போது ஏறும் நாடி, தூக்கத்திலும் இறங்காது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள 52 வயதுப் பெண் ஒருவர், தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்சினைக் காலைக் காபியோடு சேர்த்தே விழுங்கிவந்தார். காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், தைராக்சின் குறைந்தால் ஏறி, மிகுந்தால் இறங்கும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறியிருந்தது. மருத்துவர் அளவை 125 ஆக்கி, வெறும் வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கவும் சொன்னார். இரண்டு திருத்தங்களும் ஒன்றாக நடந்ததால் மருந்து மிகுந்துவிட்டது. எட்டு வாரம் கழித்துச் சளியும் இழுப்பும் வர, சூடோஎபெட்ரின் மாத்திரையும் இரண்டு முறை இன்ஹேலரும் எடுத்த மாலையில் நாடி 112. இரண்டு நாள் சளி மாத்திரையை நிறுத்திவிட்டு, விடிந்ததும் படுக்கையை விட்டு எழாமல், இன்ஹேலரைத் தொடும் முன் எண்ணிப் பார்த்தபோது 90. முன்பு இதே நேரத்தில் 74 இருக்கும்.

மாலையின் மிகை மருந்தோடு வந்து மருந்தோடு போய்விட்டது. விடியற்காலையிலும் விட்டுப்போகாத 16 துடிப்புகளுக்கு இன்ஹேலரோ சளி மாத்திரையோ பொறுப்பாக முடியாது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 0.05 என்று வந்தது. அறுபதைத் தாண்டியவர்களிடம் இது 0.1க்குக் கீழே நீடித்தால், பிற்காலத்தில் மேலறை நடுக்கம் என்ற தாளக்கேடு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காவதை அமெரிக்காவின் ஃபிரமிங்காம் நகரில் நடக்கும் நீண்டகால இதய ஆய்வு 1994இல் காட்டியிருக்கிறது. இவருக்கு வயது குறைவு என்றாலும் மருத்துவர் தாமதிக்கவில்லை. படபடப்புக்கு வழக்கமாகத் தரும் புரோப்ரனோலாலை இவருக்கு அவர் எழுதவில்லை. அது மூச்சுக்குழாயின் பீட்டா ஏற்பிகளையும் அடைத்து இழுப்பைத் தூண்டிவிடும். தைராக்சினை மட்டும் மறுபடி 100க்கு இறக்கினார். ஏழாம் வாரம் விடியற்கால நாடி 76. இன்ஹேலர் முன்போலவே தொடர்ந்தது.