ஃபான்ட் இல்லாத எழுத்துக்கு ‘வ’ வரைவது எப்படி?

“பழைய வாழ்த்து அட்டை ஒன்றில் ‘மலர்’ என்று யாரோ பட்டைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். அதே எழுத்தில் ‘மலர்வனம்’ என்று வேண்டும். ஃபான்ட் எதுவும் பொருந்தவில்லை. விடுபட்ட எழுத்துகளை எப்படி வரைவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஃபான்ட் கிடைக்காததில் வியப்பில்லை. அது கையெழுத்து, அந்தக் கை அந்த ஒரு சொல்லை மட்டும்தான் எழுதியது. ம, ல, ர் மூன்றும் கையில் இருக்கின்றன, வ, ன இரண்டும் இல்லை. ஸ்கேன் செய்து, படத்தைப் பூட்டி வைத்துவிட்டு, மேலே பென் டூலால் வரைய வேண்டியதுதான். ‘வ’வை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது வந்துவிட்டால் ‘ன’வுக்கும் வழி அதேதான்.

ல-வின் சுழியையும் ர-வின் காலையும் வெட்டி ஒட்டினால் வ ஆகிவிடாதா என்று தோன்றும். ஓரளவுக்கு ஆகும். ஆனால் ஒட்டிய இடத்தில் கோட்டின் தடிமன் ஒத்துவராமல் கண்ணை உறுத்தும். பட்டைப் பேனாவில் ஒரு கோடு எவ்வளவு தடிமனாக விழும் என்பதை அது போகும் திசைதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எழுதியவர் வ எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்பதைப் பெருமளவு கணித்தே விடலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பட்டைப் பேனாவின் முனை ஒரு சிறிய நேர்கோடு. எழுதுபவர் அதை வலது நுனி மேலே இருக்கும்படி சாய்வாகப் பிடித்து, எழுதி முடிக்கும்வரை சாய்வை ஏறக்குறைய மாற்றாமல் வைத்திருக்கிறார். அந்தச் சாய்ந்த கோட்டை நேராகக் கீழே இழுத்தால், அதன் கிடை அகலம் எவ்வளவோ அவ்வளவு தடிமன் விழும். பக்கவாட்டில் இழுத்தால் அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு. அப்படியானால் இதைத் திருப்பியும் போடலாமே! ம-வின் இடது காலின் தடிமனை அளந்தால் முனையின் அகலம் கிடைக்கும், அடிக்கோட்டின் தடிமனை அளந்தால் முனையின் உயரம் கிடைக்கும்.

திரையில் கால் 52 அலகு, அடிக்கோடு 30 அலகு என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் முனையின் நீளம் 60 அலகு. 30-ஐ 52-ஆல் வகுத்தால் 0.577, அதாவது 30 பாகைச் சாய்வு. எப்போதோ உலர்ந்துபோன மையிலிருந்து, எழுதியவர் பேனாவைப் பிடித்த கோணம் வந்துவிட்டது. ‘கைராசி, அதெல்லாம் பிறவியிலேயே வரணும்’ என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. கை பெரிய விஷயம்தான், ஆனால் அது அளக்க முடியாத மந்திரம் இல்லை. தமிழ் எழுத்துகளின் வடிவங்களை இப்படிப் பொறுமையாக அளந்து ஆவணப்படுத்தும் ஆய்வுகளுக்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் நான் மகிழ்வேன்.

சரி, கணக்கு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ர-வின் வால் இருக்கிறது. அது ஏறக்குறைய 45 பாகையில் இடப்பக்கம் கீழாகச் சரிகிறது. பேனாவின் சாய்வுக்கும் அதற்கும் வித்தியாசம் 15 பாகைதான்.

```
தடிமன் = 60 × sin(45° − 30°) ≈ 15.5
```

வாலைக் குறுக்காக அளந்தால் 16, 17 வரலாம். தாளில் மை கொஞ்சம் பரவும். ஆனால் 35 வந்தால் எங்கேயோ தவறு. வாலுக்காக அவர் பேனாவைத் திருப்பியிருக்கலாம், அல்லது அது பட்டைப் பேனாவே இல்லாமல் இருக்கலாம்.

இனி வ-வை வரையலாம். பென் டூலில் வளைவின் இரு முனைகளிலும் உள்ள நங்கூரப் புள்ளிகளும் அதை வளைத்து இழுக்கும் இரண்டு கைப்பிடிகளும் சேர்ந்து ஒரு வளைவு. இதன் கணிதம் கார்களின் உடலை வடிவமைப்பதற்காகப் பிறந்தது: சித்ரோயனில் 1959-இல் பால் டெ காஸ்டெல்ஜோ, பிறகு ரெனோவில் பியர் பெசியே. நமக்கு இதில் வேண்டியது ஒரே பண்பு. நான்கு புள்ளிகளையும் ஒரே அளவு நகர்த்தினால், வளைவு உருமாறாமல் அப்படியே நகரும்.

பேனா முனையின் வலது நுனி போகும் பாதையை மட்டும் முதலில் வரையுங்கள்: சுழி, மேல் வளைவு, அடிக்கோடு, வலது கால். சுழிக்கும் மேல் வளைவுக்கும் ல-வைப் பார்த்துக்கொள்ளலாம், காலின் உயரத்துக்கு ர இருக்கிறது. புள்ளிகளைக் குறைவாக, வளைவின் உச்சியிலும் அடியிலும் இடது வலது விளிம்புகளிலும் மட்டும் வையுங்கள். அங்கே கைப்பிடிகள் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் இருக்கட்டும். அப்புறம் அந்தப் பாதையைப் பிரதியெடுத்து, 52 அலகு இடப்பக்கமும் 30 அலகு கீழேயும் நகர்த்துங்கள். அது இடது நுனியின் பாதை. இரண்டுக்கும் இடையே முனை தடவிப்போன பரப்பு முழுவதும் மை. அதன் வெளிக்கோட்டைத்தான் பென் டூலால் மூட வேண்டும்.

மேல் வளைவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதைக் கடிகார முகமாக நினைத்தால், 11 மணி இருக்கும் இடத்தில் பேனா தன் சாய்வின் திசையிலேயே போகிறது. அங்கே இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். கணக்குப்படி தடிமன் பூஜ்யம். உண்மையான முனைக்குக் கொஞ்சம் கனம் உண்டு என்பதால் அங்கே மெல்லிய இழை விழும். எவ்வளவு மெல்லியது என்பதை ல-வின் அதே இடத்தில் அளந்து இங்கே கொடுத்துவிடலாம். 2 மணி இருக்கும் இடத்தில்தான் கோடு முழு 60 அலகுக்குத் தடிக்கும். உச்சியில் 30.

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் தடுக்கிவிழுவது இங்கேதான். வெளி வளைவைப் போட்டுவிட்டு, உள் வளைவை அதற்குள்ளேயே நடுவாக, ஒரே மையம் வைத்து வரைந்துவிடுவார்கள். எழுத்து ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்திலிருக்கும் ல-வோடு ஒட்டாது. உள் வளைவின் உச்சி வெளி வளைவின் உச்சிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. 52 அலகு இடப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். சாய்ந்த பேனாவின் அடையாளமே அந்த விலகல்தான்.

ஆட்டோ டிரேஸ் செய்தால் என்ன என்பவர்களுக்கு: அது இருக்கும் எழுத்தை நகலெடுக்கும், தாளின் சொரசொரப்பையும் சேர்த்து நூற்றுக்கணக்கான புள்ளிகளாக. இல்லாத எழுத்தை அது தராது.

இவ்வளவும் பட்டைப் பேனாவுக்குத்தான். கூர்முனைப் பேனாவில் தடிமனைத் தருவது திசை இல்லை, அழுத்தம். கீழே இழுக்கும்போது முனை பிளந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது மெலியும். எது எது என்று பிரித்துச் சொல்ல கோட்டின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டைப் பேனாவானால் அந்தத் தொடக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சாய்வாக இருக்கும். அந்த வெட்டின் நீளமே 60 அலகு, சாய்வே 30 பாகை. ஒரே திசையில் போகும் கோடு நடுவில் பருத்து நுனிகளில் மெலிந்தால் அது கூர்முனை. அங்கே பாதையைப் பிரதியெடுத்து நகர்த்தும் வித்தை பலிக்காது. நடுக்கோட்டை வரைந்து, ம-விலும் ல-விலும் தடிமன் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பார்த்து, இரு கரைகளையும் தனித்தனியாக இழுக்க வேண்டும்.

‘மலர்வனம்’ என்பதன் கடைசியில் இன்னொரு ம வருகிறது. அதை முதல் ம-வின் அச்சு நகலாக வைத்துவிடாதீர்கள். அடிக்கோட்டை இரண்டு மூன்று அலகு நீட்டி, வலது வளைவின் கைப்பிடியைச் சற்றே இழுத்துவிட்டாலே போதும். தடிமனை மட்டும் தொடாதீர்கள். 52-உம் 30-உம் அப்படியே இருக்கட்டும்.