லக்னம் மாறினாலும் ராசி ஏன் மாறுவதில்லை?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஒரு ஜோசியர் தனுசு லக்னம் என்றாராம், இன்னொருவர் மகர லக்னம் என்றாராம். இருவருமே துலாம் ராசி, சுவாதி நட்சத்திரம் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். முதலாமவர் கணக்கில் இல்லாத செவ்வாய் தோஷம் இரண்டாமவர் கணக்கில் வந்து நிற்கிறது. "பிறந்த நேரம் ஒன்றுதானே, கட்டம் எப்படி இரண்டாகும்? ராசியை வைத்தே பார்த்துவிட்டால் என்ன?" என்பது அவருடைய கேள்வி.

லக்னம் என்பது பிறந்த நிமிடத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி எழுந்துகொண்டிருந்தது என்பதுதான். பூமி 24 மணி நேரத்தில் ஒரு முறை சுழல்வதால் பன்னிரண்டு ராசிகளும் ஒரே நாளில் வரிசையாக எழுந்துவிடும். அப்படியானால் ஒரு ராசிக்குச் சுமார் 2 மணி நேரம், ஒரு பாகைக்கு 4 நிமிடம். ராசி என்று நாம் சொல்வது சந்திரன் நிற்கும் வீடு. சந்திரன் பூமியைச் சுற்றிவர 27 நாளுக்குச் சற்று மேல் எடுக்கும். ஒரு ராசியைக் கடக்க அதற்குச் சராசரி இரண்டேகால் நாள், அதாவது 54 மணி நேரம் வேண்டும்.

பிறந்த நேரத்தில் அரை மணி பிசகினால் லக்னப் புள்ளி ஏழு, எட்டு பாகை நகர்ந்துவிடும். அது முப்பது பாகை வீட்டில் கால் பங்கு. அதே அரை மணியில் சந்திரன் நகர்வது கால் பாகைதான்.

மலையகத்தில் இந்த அரை மணி சும்மா வந்ததல்ல. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பழைய தலைமுறைக்கு நேரம் என்பது காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்த நேரம், இல்லாவிட்டால் மலைக்கு மேல் வெயில் ஏறிய நேரம். ஆனால் பஞ்சாங்கத்தில் உள்ள உதயம் சமதள அடிவானத்துக்குக் கணித்தது. கிழக்கே 10 பாகை உயரத்துக்கு மலை மறைத்து நிற்கும் தோட்டத்தில் சூரியன் கண்ணில் படுவதற்கு மேலும் 40 நிமிடம் ஆகும். "பொழுது கிளம்பும்போது பிறந்த பிள்ளை" என்பதைப் பஞ்சாங்க உதயமாக எடுத்தால் கணக்கு அங்கேயே சறுக்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் பிறந்து, நிமிடம் வரை எழுதிவைத்த பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1996 மே மாதம், மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில், இலங்கைக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் வரை நாடு கிரீனிச்சுக்கு 6 மணி நேரம் முன்னால் ஓடியது. பிறகுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். இன்று கல்யாண வயதுக்கு வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறந்தவர்கள். கைபேசியிலோ கணினியிலோ இலங்கை என்றதும் ஐந்தரை என்று போட்டுவிட்டால், அவர்கள் அத்தனை பேருடைய ஜாதகமும் அரை மணி பிந்திய ஜாதகமாகிவிடும்.

2000 ஜனவரி 1, காலை 7.40, நுவரெலியா என்று ஒரு பிறப்பை வைத்துக்கொள்வோம். அன்றைய கடிகாரப்படி சமதள உதயம் 6.50 அளவில். உதய நேரத்தில் சூரியன் நிற்கும் புள்ளிதான் லக்னப் புள்ளி. திருக்கணிதப்படி அன்று சூரியன் தனுசில் 16 பாகையில் இருந்தது. உதயமாகி 50 நிமிடத்தில் லக்னம் இன்னும் பதினோரு பாகை போல் நகரும். ஆக தனுசு 27. வீட்டின் கடைசிப் பகுதிதான், ஆனாலும் தனுசுதான். ஐந்தரை என்று பிழையாகப் போட்டால் உதயம் 6.20 ஆகிவிடும், பிள்ளை உதயமாகி 80 நிமிடம் கழித்துப் பிறந்ததாகிவிடும். லக்னம் தனுசைத் தாண்டி மகரத்தில் ஐந்தாம் பாகைக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

அன்று செவ்வாய் கும்பத்தில். தனுசிலிருந்து எண்ணினால் கும்பம் மூன்றாம் வீடு, தோஷம் கிடையாது. மகரத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் வீடு, 2, 4, 7, 8, 12 என்ற தோஷப் பட்டியலில் முதல் இடம். செவ்வாய் ஒரு பாகைகூட அசையவில்லை. எண்ணத் தொடங்கிய இடம்தான் மாறியது.

சந்திரனை லக்னமாக வைத்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். முறை எளிது. கிரகங்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சந்திரன் நிற்கும் ராசியை ஒன்றாம் வீடாக வைத்து எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டும். நம் உதாரணத்தில் துலாம் ஒன்று, கும்பம் ஐந்து. கடிகாரம் ஆறோ ஐந்தரையோ, செவ்வாய் ஐந்தாம் இடம்தான். மேஷத்தில் இருந்த குரு சந்திரனுக்கு ஏழாம் கேந்திரத்தில் இருப்பதால் கஜகேசரி யோகம் என்பார்கள். அதுவும் இரண்டு கட்டத்திலும் அப்படியே நிற்கும். (தோஷத்தைச் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்கள் உண்டு. அன்று சுக்கிரன் விருச்சிகத்தில், அங்கிருந்து கும்பம் நான்காம் இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சந்திர லக்னம் அவசரத்துக்குக் கண்டுபிடித்த மாற்று வழி அல்ல. சுனபா, அனபா, கேமத்துருமம் போன்ற யோகங்கள் சந்திரனுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே பார்ப்பவை. கிரகங்களின் அன்றன்றைய நகர்வை வைத்துப் பார்க்கும் கோசாரத்துக்குச் சந்திர லக்னமே பிரதானம் என்கிறது மந்திரேஸ்வரரின் பலதீபிகை. ஏழரைச் சனியும் சந்திராஷ்டமமும் சந்திரனிலிருந்து எண்ணுவதுதான். ஆனாலும் மரபில் தேர்ந்தவர் லக்னத்தைத் தூக்கி எறியமாட்டார். இரண்டிலிருந்தும் எண்ணி, இரண்டிலும் ஒரே பலன் வந்தால் அழுத்திச் சொல்வார், ஒன்றில் மட்டும் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அந்த இரண்டேகால் நாளில் உலகம் முழுக்கப் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் சந்திர லக்னக் கட்டம் ஒன்றேதான். நிலையாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இதுவரை சொன்னது வானக் கணக்கு. அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பலன் வேறு விஷயம். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் சக ஆய்வாளர்களும் புனேயில் ஒரு சோதனை செய்தார்கள். படிப்பில் சிறந்த பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையினரின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து, எது எவருடையது என்று கேட்டார்கள். பதில் அனுப்பிய 27 ஜோசியர்களின் சராசரி 46 சதவீதம். நாணயம் சுண்டினால் ஐம்பது வரும். நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இதே சோதனையைத் தமிழ், சிங்கள ஜோசியர்களோடு செய்யப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை, கடிகாரப் பிழையில் முளைத்த தோஷத்துக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போவதை என்னால் ஏற்க முடியாது.

அந்தத் தாய் செய்ய வேண்டியது இது. இரண்டு ஜாதகத்திலும் சூரிய உதயம் என்ன நேரம் என்று அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். மகள் 1996 அக்டோபர் கடைசிக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்திருந்தால், இன்றைய கடிகாரப்படி அதே தேதியில் வரும் உதயத்தைவிட அரை மணி கூடுதலாக இருக்க வேண்டும். கூடுதலாக இல்லாத ஜாதகம் ஐந்தரையில் போட்டது. அதை ஆறு என்று மாற்றி மறுபடி கணிக்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது முதல் திசையில் மிச்சமிருக்கும் காலமான திசை இருப்பும் மாறும். சுவாதிக்கு ராகு திசை 18 வருடம் என்பதால், இந்த அரை மணிக்கு நான்கு மாதம் போல் முன்பின் ஆகும்.

ராசியை மட்டும் நம்பிப் பார்ப்பவர்கள் நட்சத்திரத்தின் நாலில் ஒரு பங்கான பாதத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவாதி முழுக்கத் துலாமில் அடங்கிவிடும், அதனால் உங்கள் மகளுக்கு அந்தக் கவலை இல்லை. விசாகத்தின் முதல் மூன்று பாதம் துலாம், நாலாம் பாதம் விருச்சிகம். கார்த்திகை, புனர்பூசம், சித்திரை, அவிட்டம் உட்பட இப்படி இரு ராசியில் கால் வைத்த நட்சத்திரம் ஒன்பது. ஒரு பாதம் சுமார் 6 மணி நேரம் ஓடும். பாட்டி "விசாகம்" என்று மட்டும் ஞாபகம் வைத்திருந்தால், பிறந்தது காலையா இரவா என்பதாவது தெரியாமல் அந்தப் பிள்ளைக்குச் சந்திர லக்னமும் போட முடியாது.