சத்துமாவும் சத்து மாவும்: வறுத்த கடலைக் கரைசல் வயிற்றில் என்ன செய்கிறது?

சித்திரை வெயிலுக்குச் ‘சத்து’ குடிக்கலாமா என்று சாவகச்சேரியிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நம் வீடுகளில் அரிசி, உளுந்து, கடலை முதலியவற்றை வறுத்துத் திரிக்கும் சத்துமா வேறு. அவர் கேட்ட சத்து, பீகாரில் கடலையைச் சுடுமணலில் வறுத்து, தோலை நீக்கி, அரைத்து எடுக்கும் மா. ‘சக்து’ என்ற வடசொல்லிலிருந்து வந்த அந்தப் பெயருக்கும் நமது ‘சத்து’ என்ற சொல்லுக்கும் உள்ள ஒற்றுமை ஓசையளவிலானதே.

வறுக்கும்போதே பெரும்பாலும் வெந்துவிடுவதால், அந்த மாவை அடுப்பில் வைக்காமல் தண்ணீரில் கரைத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் வறுத்த சீரகத்தூளும் சேர்த்துக் குடிக்கிறார்கள். 30 கிராம் மாவில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், தோல் எவ்வளவு நீங்கியது என்பதைப் பொறுத்து 4 அல்லது 5 கிராம் நார்ப்பொருளும் இருக்கும். அந்தப் புரதம் ஒரு முட்டையில் உள்ள அளவு. இது உடற்சூட்டைத் தணிக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. வெயிலில் வியர்த்தவருக்கு உதவுவது அதிலுள்ள தண்ணீரும் உப்புமே.

எனது உறவினர் ஒருவர் முதல் நாளே 60 கிராம் மாவைக் கரைத்துக் காலை ஏழு மணிக்குக் குடித்தார். மதியம் வரை எதுவும் தெரியவில்லை. பிற்பகலில் வயிறு ஊதி இறுகியது. மா பழுதாகிவிட்டதென்று அவர் எண்ணினார். உண்மையில் அந்தத் தாமதமே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. கடலையில் ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற குறுகிய சீனிச் சங்கிலிகள் உள்ளன. அவற்றின் ஒரு பிணைப்பை வெட்டுவதற்கு வேண்டிய நொதியம் மனிதரின் சிறுகுடலில் சுரப்பதில்லை. ஆகவே அவை முழுமையாகவே சிறுகுடலைக் கடந்து, சில மணித்தியாலங்களின் பின் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பற்றீரியாக்களிடம் அந்த நொதியம் உண்டு. அவை சங்கிலியை வெட்டி நொதிக்கச் செய்யும்போது ஐதரசனும் காபனீரொட்சைட்டும் வெளியாகின்றன. அதே வேலையில் குடற்சுவருக்கு உணவாகும் கொழுப்பமிலங்களும் உருவாகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: வயிற்றை ஊதவைக்கும் செயலும் குடலுக்கு உணவூட்டும் செயலும் ஒன்றே.

அவிப்பதற்குக் கடலையை இரவு ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிடும்போது இச்சங்கிலிகளில் ஒரு பகுதி கரைந்து போய்விடுகிறது. சத்தில் நீரை ஊற்றிவிடும் அந்தப் படி இல்லை.

ஆகவே பருப்பு வகைகளை அரிதாக உண்பவர்களும், எளிதில் வயிறு ஊதுபவர்களும், உணவிற் குறைந்த நாருடன் பழகிய முதியவர்களும் ஒரு தேக்கரண்டி மாவை ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கரைத்துத் தொடங்கலாம். நான்கைந்து நாட்கள் வயிறு அமைதியாக இருந்தால் இரண்டாக்கலாம். ஊதினால் முந்தைய அளவுக்குத் திரும்பவேண்டும். உறவினரும் அப்படித் தொடங்கி, ஒரு மாதத்தில் 30 கிராமுக்கு வந்தார். தண்ணீரைக் குறைத்தால் நார் நீரை உறிஞ்சி மலத்தை இறுக்கிவிடும்.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதனுடன் சேர்த்து இதைக் குடிக்காமல் இடைவெளி விடவேண்டும். கடலையிலுள்ள பைற்றேற்று இரும்பைப் பற்றிக்கொள்ளும். சிறுநீரக நோயாளருக்கோ சிறிய அளவில் தொடங்குவதே போதுமான காப்பு அல்ல. புரதம், பொற்றாசியம் இரண்டையும் அவர்கள் கணக்கிட வேண்டியிருப்பதால் முதல் தேக்கரண்டிக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்கவேண்டும்.