காலை மடக்கி அழும் குழந்தை: கொலிக் எது, எது அல்ல

மாலை ஆறு மணிக்கு மேல் வீறிட்டு அழத் தொடங்கும் கைக்குழந்தை, முகம் சிவந்து, கைகளை இறுகப் பொத்தி, இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொள்ளும்போது, பார்ப்பவர் எவருக்கும் முதலில் தோன்றுவது வயிற்றுவலி என்பதுதான். அம்மம்மா வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அது விறைத்து உப்பியிருக்கும். சற்று நேரத்தில் காற்றும் பிரியும். கொலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த அழுகைக்குக் காரணம் வாய்வுதான் என்று வீடே முடிவெடுத்துவிடும்.

அந்த முடிவுக்கு ஆதாரமாக நிற்பவை மடங்கிய கால்களும் உப்பிய வயிறுமே. ஆனால் இவை இரண்டும் அழுகைக்குக் காரணமல்ல; பெரும்பாலும் அழுகையின் விளைவுகள். உரத்து அழுவதென்பது நெஞ்சிலுள்ள காற்றை வயிற்றுத் தசைகளால் இறுக்கி வெளியே தள்ளுவதாகும், எனவே வீறிடும் எந்தக் குழந்தையின் வயிறும் கல்லைப் போல் விறைக்கும். பிறந்த முதல் மாதங்களில் உடலை நீட்டும் தசைகளைவிட மடக்கும் தசைகளே மேலோங்கி நிற்பதால், அந்த இறுக்கத்தோடு தொடைகளும் மேலெழுகின்றன. இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும்போது இதை எவரும் நேரில் காணலாம்: ஊசி ஏறுவது தொடையில், வலியும் தொடையில், ஆயினும் குழந்தை இரண்டு கால்களையும் வயிற்றோடு சேர்த்துத்தான் அழுகிறது. கால் மடங்குவது குழந்தை கடுமையாக அழுகிறது என்பதைச் சொல்லுமேயன்றி, எங்கே நோகிறது என்பதைச் சொல்லாது.

வாய்வின் கதையும் இத்தகையதே. அழும்போது குழந்தை காற்றை விழுங்குகிறது. விழுங்கிய காற்று பின்னர் கீழ்வழியாகப் பிரிகிறது. குடலிலுள்ள காற்றுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை, மருந்தில்லாத வெறும் திரவத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, இரண்டுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. வாய்வே மூலமாக இருந்திருந்தால் மருந்து வென்றிருக்க வேண்டும்.

அப்படியானால் கொலிக் என்பது என்ன? 1954ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மொரிஸ் வெசெல் அதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்: நன்றாகப் பாலருந்தி, நோயின்றி வளரும் குழந்தை, நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால் அது கொலிக். மூன்று வாரம் காத்திருந்து பெயர் சூட்டுவதில் பயனில்லை என்பதால், இன்றைய மருத்துவ வரையறை மணிக்கணக்கைக் கைவிட்டு, ஐந்து மாதத்துக்குள் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் முடியும், காரணம் புலப்படாத, தேற்ற முடியாத அழுகை என்பதோடு, காய்ச்சலும் நோயும் இருக்கக்கூடாது, வளர்ச்சியில் குறை இருக்கக்கூடாது என்பதையே முதன்மையாக வைக்கிறது.

வெசெலின் அளவுகோலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1962இல் மற்றோர் அமெரிக்கக் குழந்தை மருத்துவரான டி. பெரி பிரேசில்டன் வெளியிட்ட அவதானம். எண்பது சுகமான குழந்தைகளின் தாய்மாரை அழுகைக் குறிப்பு எழுதவைத்தபோது, இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலமாக இருந்த அழுகை ஆறாம் வாரத்தில் இரண்டே முக்காலாக உயர்ந்து, அதன் பின் படிப்படியாக இறங்கியது. அதிலும் பெரும்பகுதி மாலையிலேயே விழுந்தது. ஆபிரிக்காவின் தெற்கிலுள்ள களகாரிப் பாலைநிலத்தில், நாள் முழுதும் குழந்தையை உடலோடு சுமந்து கேட்கும்போதெல்லாம் பாலூட்டும் சான் மக்களிடத்திலும், அழுகையின் மொத்த நேரம் குறைவாக இருந்தாலும், உச்சம் இதே வயதில்தான் வருகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கோ, பிறந்த நாளிலிருந்தல்ல, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணி ஆறாம் வாரத்தில் உச்சம் வருகிறது. தாயின் பாலோ குழந்தையைத் தூக்கி வளர்க்கும் விதமோ இந்த வளைகோட்டை வரைவதில்லை. வளரும் நரம்பு மண்டலமே வரைகிறது என்பதற்கு இது வலுவான சான்று. கொலிக் குழந்தை என்பது, பெரும்பாலும், இந்த வளைகோட்டின் மேல்நுனியில் நிற்கும் குழந்தையே.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் ஆறு வாரக் குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் இருபது நிமிடம், நண்பகலில் இருபத்தைந்து நிமிடம், பின்பு மாலை ஆறேகாலிலிருந்து ஒன்பது ஐந்து வரை இரண்டு மணி ஐம்பது நிமிடம் அழுகிறது; கூட்டினால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். பிறந்தபோது 3 கிலோவாக இருந்த எடை இப்போது 3.9 கிலோ. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும் என்பதால் இது நல்ல வளர்ச்சி. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலுள்ள வரைபிலும் கோடு மேல்நோக்கியே செல்கிறது. நாளுக்கு ஏழு நப்கின் நனைகிறது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. உடைகளைக் கழற்றி, தொடையிடுக்கில் குடலிறக்க வீக்கம் உண்டா, கால்விரலில் தாயின் தலைமயிர் சுற்றி இறுகியிருக்கிறதா என்று பார்த்தாயிற்று. மயிர் சுற்றிய விரல் வீங்கிச் சிவந்திருக்கும். எளிதில் கண்ணில் படாததும், உடனே நீக்க வேண்டியதுமான காரணம் அது. இவை யாவும் சரியாக இருந்தால், அந்த அழுகை கொலிக்.

இதை நிறுத்தும் மருந்து இல்லை. தூக்கி நடப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது, மார்போடு அணைப்பது ஆகியவை சில மாலைகளில் உதவும், சில மாலைகளில் உதவா. முன்பு கொடுக்கப்பட்ட டைசைக்ளோமைன் மருந்து மூச்சுத் தடையை உண்டாக்கியதால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது. கிரைப் வோட்டர், ஓமத்தண்ணீர், உரைத்த வசம்பு என்று அன்போடு கொடுக்கப்படுபவையும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது இவற்றுக்கும் பொருந்தும், வசம்பிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது. பாலை மாற்றுவதும் பொதுவாகப் பயன் தராது. அழுகையோடு மலத்தில் இரத்தக் கீற்றோ தோலில் கரப்பனோ சேர்ந்திருந்தால் மட்டும், பசுப்பால் புரத ஒவ்வாமை பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பொறுமை எல்லை மீறும்போது குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குச் சென்று சில நிமிடம் நிற்பது தவறல்ல. அழுதுகொண்டிருப்பதால் குழந்தைக்குத் தீங்கு வராது. ஆனால் ஒருமுறை பலமாகக் குலுக்கினாலே மூளையைச் சுற்றி இரத்தம் கசியக்கூடும்.

கொலிக்கோடு குழப்பிவிடக்கூடாத நோய் குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் இந்நிலை, பெரும்பாலும் நான்கு முதல் பத்து மாதத்துக்குள் வருகிறது. இதிலும் குழந்தை காலை மடக்கி வீறிடும். வேறுபாடு தாளத்தில் இருக்கிறது. சில நிமிடம் வீறிட்டு, பின் அடங்கி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் வீறிடும். இடைவேளையில் முதலில் இயல்பாக இருப்பதுபோலத் தோன்றினாலும், போகப்போக வெளிறித் துவண்டு கிடக்கும். பின்பு பச்சை நிற வாந்தி வரும். சிவந்த ஜெலி போன்ற மலம் கடைசியாகத் தோன்றும் அடையாளம் என்பதால் அதுவரை காத்திருக்கக்கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால், மலவாயில் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே பெரும்பாலும் குடலை விடுவித்துவிடலாம். தாமதித்தால் அறுவைச் சிகிச்சை. கொலிக் பெரும்பாலும் வாழ்வின் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது. ஐந்தாம் மாதத்தில் திடீரென்று புதிதாகத் தொடங்கும் அழுகையைக் கொலிக் என்று எண்ணக்கூடாது. அத்தகைய அழுகையோ, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சலோ, பச்சை வாந்தியோ, பால் குடிக்க மறுப்போ காணப்பட்டால், கொலிக் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தாலும், அன்றிரவே பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.