நெரிசல் நேரத்தில் தோசைக் கல்லின் சூடும் நிறமும்

முகூர்த்த நாள் காலையில் ஈரோடு, திருப்பூர் வட்டார உணவகங்களில் முதல் ஒரு மணி நேரம் பொன்னிறமாக வரும் தோசை, கூட்டம் ஏறியதும் நடுவில் கருகியும் ஓரத்தில் வெளுத்தும் வரத் தொடங்குகிறது. பழி மாவின் மேல் விழுகிறது. சமையற்கூடங்களுக்கு ஆலோசனை சொல்லும் நான் பார்த்தவரை, பெரும்பாலும் காரணம் கல்தான்.

பெருந்துறை அருகே ஓர் உணவகத்தில் 3 அடிக்கு 2 அடி அளவும் 12 மில்லிமீட்டர் கனமும் கொண்ட இரும்புக் கல்லின் கீழ் மூன்று பர்னர்களும் முழுத் தீயில் எரிந்துகொண்டிருந்தன. நடுப்பகுதி காய்ந்துபோகும்போதெல்லாம் மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரை வீசினார். "தண்ணி ஊத்துனா சரியாப் போயிருமுங்க" என்றார். அந்தக் கல் ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. அதன் மேல் 100 மில்லி தண்ணீர் முழுவதும் ஆவியானாலும் கல்லின் மொத்தச் சூடு சராசரியாக 10 டிகிரிதான் இறங்கும். மேற்பரப்பு மட்டும் சற்று நேரம் குளிர்ந்து, அடியில் தேங்கிய சூடு மறுபடி மேலேறிவிடுவதால், முதல் தோசை வெளுத்தும் அடுத்தது கருகியும் வருகிறது.

எனவே நடுப் பர்னரைப் பாதியாகக் குறைத்து, ஓரத்துப் பர்னர்களை அப்படியே விடச் சொன்னோம். கனமான கல் தாமதமாகவே சூடேறித் தாமதமாகவே இறங்கும் என்பதால், கருகத் தொடங்கிய பிறகு தீயைக் குறைப்பதில் பயன் குறைவு. ஆர்டர் குறையும் முன்பே குறைத்து, கூடும் முன்பே கூட்ட வேண்டும். தெளித்த நீர் சுரீரென்று கொதித்து உடனே மறைந்தால் மாவு ஊற்றலாம். துளிகள் முத்துகளாக உருண்டோடினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போது ஊற்றும் மாவு கல்லில் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும்.

அங்கே இரண்டாவது குறையும் இருந்தது. நெய் ரோஸ்ட்டும் பொடி தோசையும் ஊற்றிய இடங்களில் எண்ணெய் பிசினாகப் படிந்திருந்தது. இரவில் சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்த இடங்களிலோ இரும்பு பளபளத்தது. கல்லைப் பழக்குவது என்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்வதுதான். எண்ணெய் தேங்கினால் அது பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பளபளத்த இடத்தில் மாவு ஒட்டும். அகச்சிவப்பு வெப்பமானியும் அங்கே உண்மையைவிடக் குறைத்தே காட்டும், ஆகவே கருத்த பகுதியில் பார்ப்பதே நல்லது.

பிசினைக் கல் சூடாக இருக்கும்போதே தட்டைத் தகட்டால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, கடலை எண்ணெயைத் துணியால் பூசி, பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்து, லேசாகப் புகையும் வரை சூடாக்க வேண்டும். இதையே மூன்று நான்கு முறை செய்தால் படலம் ஒரே சீராக அமையும். ஓட்டத்தின் நடுவே வெங்காயத்தால் தேய்ப்பது எண்ணெயை மெல்லியதாகப் பரப்ப உதவுமே தவிர, உரிந்த படலத்தை அது திரும்பக் கொண்டுவராது.